பராமரிப்போர் சோர்வு

பராமரிப்போர் சோர்வு என்பது, மறதிநோயோ தீவிர மனநோயோ உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறவினரின் உடலும் மனமும் நாளடைவில் தளர்ந்துபோகும் நிலை. ஒரு நாள் அலுப்பு தூங்கி எழுந்தால் தீரும். இந்தச் சோர்வு தூங்கி எழுந்த பிறகும் இருக்கும். பாசத்தோடு தொடங்கிய பணி வெறும் கடமையாகி, பிறகு எரிச்சலாகி, அந்த எரிச்சலே குற்ற உணர்வாக மாறும்.

பெயரும் பொருளும்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பணிச்சோர்வு என்ற சொல்லைச் சம்பள வேலை தொடர்பான நிலைக்கு மட்டுமே ஒதுக்குகிறது. வீட்டில் தாயையோ மகனையோ பார்த்துக்கொள்பவரின் நிலையை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ‘பராமரிப்புச் சுமை’ என்ற பெயரில் அளக்கிறார்கள். 1966இல் ஹோனிக், ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தச் சுமையை இரண்டாகப் பிரித்தார்கள். இழந்த கூலி, கெட்ட தூக்கம், மருத்துவச் செலவு போன்றவை கண்ணுக்குத் தெரியும் சுமை. இவற்றை அந்த உறவினர் மனதுக்குள் எவ்வளவு பாரமாக உணர்கிறார் என்பது உணரும் சுமை. முதலாவது சிறிதாக இருக்கும் வீட்டிலும் இரண்டாவது மிகப் பெரிதாக இருக்கலாம்.

அளக்கும் முறைகள்

மறதிநோய்க் குடும்பங்களுக்கு உலகெங்கும் பயன்படுவது, அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் சாரிட்டும் உடன் பணியாற்றியோரும் 1980இல் வெளியிட்ட கேள்வித்தாள். இன்று பரவலாக உள்ள வடிவத்தில் 22 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘ஏறக்குறைய எப்போதும்’ வரை 0 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 88. பொதுவாக 20 வரை சுமை இல்லை அல்லது மிகக் குறைவு, 40 வரை லேசானது முதல் மிதமானது, 60 வரை மிதமானது முதல் கடுமையானது, அதற்கு மேல் கடுமையானது.

அந்த முதல் ஆய்வின் முடிவு இன்றும் கவனிக்கத்தக்கது. நோயாளியின் நடத்தைக் கோளாறுகள் எவ்வளவு என்பதோடு பராமரிப்பவரின் சுமை இணைந்து போகவில்லை. மற்ற உறவினர்கள் எத்தனை முறை வீட்டுக்கு வந்து போனார்கள் என்பதோடுதான் அது இணைந்திருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் 29 பேர் மட்டுமே என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எதைக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டியது.

தீவிர மனநோய்க் குடும்பங்களுக்கென இந்தியாவில் பெங்களூரின் பாய், கபூர் ஆகியோர் 1981இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ மனநல ஆராய்ச்சி நிறுவனத்தில், மருத்துவர் ஆர். தாராவும் குழுவினரும் 1998இல் 40 கேள்விகள் கொண்ட மற்றொன்றை வெளியிட்டனர். பராமரிப்பவரின் உடல்நலம், அன்றாட வேலை, மற்ற உறவுகள், வெளியிலிருந்து கிடைக்கும் உதவி ஆகியவை அதில் இடம்பெறுகின்றன.

ஒரு வீடு: எடுத்துக்காட்டு

திருப்பூரை அடுத்த மங்கலம், விசைத்தறிக் கூடங்களும் பனியன் கம்பெனி வேலையும் சூழ்ந்த ஊர். இங்குள்ள ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மாமியாருக்கு 74 வயது; மூன்று ஆண்டுகளாக மறதிநோய். மகன் தறி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட். மருமகள் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். மாமியார் ஒருநாள் வழி தெரியாமல் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டதால் வேலையை விட்டார். சனிக்கிழமைக் கூலியில் ஒரு பங்கு நின்றுபோனது.

பொழுது சாய்ந்தால் மாமியார் தன் வீட்டிலேயே நின்றுகொண்டு, “எங்கூட்டுக்குப் போகோணும்” என்று கதவைத் தட்டுவார். இரவில் மூன்று நான்கு முறை எழுவார். கணவர் இரவு ஷிப்ட் போகும் வாரத்தில் மருமகள் தனியாக விழித்திருக்கிறார். பல்லடத்தில் இருக்கும் நாத்தனாரும் கோவையில் இருக்கும் கொழுந்தனாரும் போனில் விசாரிக்கிறார்கள், யோசனை சொல்கிறார்கள்.

சாரிட் கேள்வித்தாளை இருவரிடமும் கேட்டால் மருமகளுக்கு 54, மகனுக்கு 23 என்று வரலாம். வீடு ஒன்று, நோயாளி ஒருவர், நோயின் கடுமையும் ஒன்றே. வேறுபடுவது, எத்தனை மணிநேரம் யார் தோளில் இருக்கிறது என்பது மட்டும்.

அடையாளங்கள்

முதலில் கெடுவது தூக்கம். நோயாளி தூங்கும் இரவிலும் பராமரிப்பவர் தூங்க மாட்டார். பிறகு தன் சர்க்கரை மாத்திரையை விடுவார், கல்யாணம் காட்சிகளுக்குப் போவதை நிறுத்துவார். சொன்னதையே சொல்லும் நோயாளி மீது சுள்ளென்று விழுந்துவிட்டு, பிறகு தனியே அழுவார். கையைப் பிடித்து இழுப்பது, அறையில் பூட்டிவைப்பது, ‘இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருவது ஆகியவை உடனே உதவி தேட வேண்டிய நிலை. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மனச்சிதைவு உள்ள மகனைப் பார்க்கும் பெற்றோரிடம் இந்தச் சோர்வு வேறு வடிவம் எடுக்கும். குளிக்காமல், பேசாமல், வேலைக்குப் போகாமல் இருப்பதும் அந்நோயின் அறிகுறிகளே. அதைச் சோம்பல் என்று எண்ணி அன்றாடம் திட்டும் வீட்டில், நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்பதை 1960களிலிருந்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. பெற்றோரின் சோர்வு திட்டாக வெளிப்படுகிறது. திட்டு நோயை முற்றவைக்கிறது. முற்றிய நோய் சோர்வைக் கூட்டுகிறது. இதற்கு அடியில், ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்ற அச்சமும் இருக்கும்.

தணிக்கும் வழிகள்

பல வீடுகளில் பிள்ளைகள் மாதமுறை வைத்துத் தாயைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மறதிநோயில் இந்த நல்லெண்ணம் பலமுறை எதிராகவே முடிகிறது. புதிய வீட்டில் கழிப்பறை எங்கே என்று தெரியாது. குழப்பமும் இரவு விழிப்பும் கூடும். நோயாளி இருக்கும் இடத்திலேயே இருக்க, பார்த்துக்கொள்ளும் ஆள் மாறுவதே நல்லது. மேலே சொன்ன வீட்டில், இரவு ஷிப்ட் வாரத்தில் நாத்தனார் இரண்டு இரவுகள் வந்து தங்கினால், மருமகள் வேறு அறையில் முழுத் தூக்கம் தூங்கலாம். வர இயலாத கொழுந்தனார், மருமகள் இழந்த கூலியில் ஒரு பங்கை மாதந்தோறும் தரலாம். எந்த நாள், யார் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ‘தேவைப்பட்டால் கூப்பிடு’ என்பது, கூப்பிடத் தயங்குபவருக்கு உதவியாகாது.

நோயைப் பற்றிய அறிவும் சுமையைக் குறைக்கும். “இதுதானே உங்க வீடு” என்று வாதாடுவதைவிட, “காப்பி குடிச்சிட்டுப் போலாங்க” என்று பேச்சை மாற்றுவது எளிது. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் முற்றினால், மறதிநோய் வளர்ந்துவிட்டது என்று எண்ணிப் பொறுத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டினால் சரியாகக்கூடும்.

கோவாவில் அமித் டயஸ், விக்ரம் பட்டேல் குழுவினர் 81 மறதிநோய்க் குடும்பங்களிடம் நடத்திய சோதனை 2008இல் வெளியானது. குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று விளக்கம் சொன்னார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. ஆனால் சாரிட் மதிப்பெண்ணில் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. ஆறுதலும் அறிவும் மனதைத் தேற்றும். வேலையைக் குறைக்க இன்னொரு ஆள் வர வேண்டும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனைகளில் பார்க்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளிக்காக மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவர் தனக்காகவும் அந்த எண்ணை அழைக்கலாம்.