யூகேஜி: நூற்பாலையின் மின்செலவை மாதத்துக்கு மாதம் ஒப்பிடும் கணக்கு

யூகேஜி என்பது ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்பதைக் காட்டும் அளவு. கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களின் நூற்பாலைகளில் மாதாந்திர மின்செலவு அறிக்கை பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணைச் சுற்றியே எழுதப்படுகிறது. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாக இதை ‘தனித்த ஆற்றல் நுகர்வு’ என்பார்கள். சிமென்ட் ஆலையில் அது டன்னுக்கு இத்தனை யூனிட் என்றும், நூற்பாலையில் கிலோவுக்கு இத்தனை யூனிட் என்றும் வரும்.

மாதம் முழுவதும் ஓடிய யூனிட்டை உற்பத்தியான கிலோவால் வகுப்பது எளிது. ஆனால் நூற்பாலையில் ஒரு கிலோ எப்போதும் ஒரே கிலோவாக இருப்பதில்லை. உற்பத்தியே நடக்காவிட்டாலும் ஒரு பங்கு மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்த இரண்டையும் சரிக்கட்டாமல் செய்யும் வகுத்தல், நல்ல மாதத்தைக் கெட்டதாகவும் கெட்ட மாதத்தை நல்லதாகவும் காட்டிவிடும்.

எந்தக் கிலோ?

நூலின் நம்பர் ஏறஏற நூல் மெலியும். 60-ஆம் நம்பர் நூல் 40-ஆம் நம்பரைவிட மெல்லியது. ஆகவே ஒரு கிலோவுக்கு நீளமும் அதிகம். மெல்லிய நூலுக்கு அங்குலத்துக்கு முறுக்கும் அதிகம் வேண்டும். ரிங் ஃப்ரேமில் ஸ்பிண்டில் ஒரே வேகத்தில் சுற்றினால், முறுக்கு கூடிய நூல் மெதுவாகவே வெளிவரும். முறுக்கு நம்பரின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடுவதால், ஒரு ஸ்பிண்டில் தரும் எடை நம்பரின் ஒன்றரை அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது. 40-லிருந்து 60-க்கு மாறினால் அதே ஸ்பிண்டில் ஏறத்தாழ 54 சதவீத எடையையே தரும். ஸ்பிண்டிலைச் சுற்றும் மோட்டாருக்கு இது எதுவும் தெரியாது; அது ஏறக்குறைய அதே மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கும்.

இதனால்தான் எல்லா உற்பத்தியையும் முதலில் 40-ஆம் நம்பருக்கு மாற்றி எழுதும் வழக்கம் வந்தது. 1956-இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் வழியாக ஆலைகளுக்குப் பழகிய முறை இது. 60-ஆம் நம்பரின் மாற்றுக் காரணியை 1.6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 1,00,000 கிலோ 40-ஆம் நம்பரும் 30,000 கிலோ 60-ஆம் நம்பரும் நூற்றிருந்தால், கணக்கில் வருவது 1,30,000 கிலோ அல்ல. 1,00,000 உடன் 48,000 சேர்ந்த 1,48,000 கிலோ. மேலே சொன்ன வாய்பாட்டின்படி ரிங் ஃப்ரேமுக்கு மட்டும் காரணி 1.8-ஐத் தாண்டும். ஆனால் கார்டிங், டிராயிங் போன்ற முன்நிலை இயந்திரங்களின் செலவு அதே அளவில் ஏறுவதில்லை என்பதால் ஆலை முழுமைக்குமான காரணி குறைந்துவிடும். தன் ஆலையிலேயே துறைவாரியாக மீட்டர் வைத்து அளந்த காரணியே நம்பத்தக்கது. பக்கத்து ஆலையின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டால் அந்த ஆலையின் இயந்திரங்களையும் சேர்த்தே கடன் வாங்கியதாகிவிடும்.

எடையை எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். அனுப்பிய சரக்கின் எடையை உற்பத்தி என்று எழுதினால், போன மாதம் நூற்றுக் கிடங்கில் கிடந்த நூல் இந்த மாதத்துக்கு இலவசமாக வந்து சேரும். கோன்களை நீராவியில் பதப்படுத்திய பிறகு எடை போட்டால் நூல் இழுத்துக்கொண்ட ஈரமும் உற்பத்தியாகிவிடும். பருத்தி நூல் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் இப்படி ஏறக்கூடும். பதப்படுத்தும் கருவி புதிதாக வந்த மாதத்தில் யூகேஜி தானாக இறங்குவதைப் பார்த்து மின்சாரம் மிச்சமானதாக அறிக்கை எழுதும் ஆலைகளும் உண்டு.

எந்த யூனிட்?

மின்கட்டணப் பில்லில் உள்ள எண்ணை எடுக்கக் கூடாது. தமிழகத்தின் பல நூற்பாலைகளுக்குச் சொந்தக் காற்றாலைகள் இருக்கின்றன. அவை ஊருக்கு வெளியே உற்பத்தி செய்த யூனிட் பில்லில் கழிக்கப்பட்டு, மீதிக்கே பணம் கேட்கப்படும். காற்றுக் காலத்தில் கட்ட வேண்டிய யூனிட் மிகவும் சுருங்கிவிடும். ஆனால் ஆலைக்குள் ஓடிய மின்சாரம் சுருங்கவில்லை. அறிக்கைக்கு வேண்டியது கழிப்பதற்கு முந்தைய மீட்டர் அளவு. கூரையில் சோலார் இருந்தால் நிலைமை தலைகீழ். அந்த மின்சாரம் வெளி மீட்டரைத் தொடாமலேயே உள்ளே செலவாகிவிடுவதால் அதைத் தனியே படித்துக் கூட்ட வேண்டும். ஜெனரேட்டர் யூனிட்டும் அப்படியே.

தேதியும் ஏமாற்றும். இ.பி. மீட்டரை ஒரு நாள் முன்னதாகப் படித்து, உற்பத்தியை மாதக் கடைசிவரை எடுத்தால் பிழை முப்பதில் ஒரு பங்கு, அதாவது மூன்று சதவீதத்துக்கும் மேல். ஓர் ஆலை ஓராண்டு பாடுபட்டு எட்டும் சேமிப்பே சில நேரம் அவ்வளவுதான். இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் தினமும் மீட்டரையும் உற்பத்தியையும் ஒரே தாளில் குறித்தால் இந்தச் சிக்கல் எழாது.

ஓடாமலேயே ஓடும் மின்சாரம்

கிலோவும் யூனிட்டும் சரியான பிறகும் ஒரு தடை இருக்கிறது. ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் விசிறிகள், ஏர் கம்ப்ரஸர், விளக்கு, டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு ஆகியவை பாதி ரிங் ஃப்ரேம்கள் நின்றிருந்தாலும் பாதியாகிவிடுவதில்லை. எனவே மாத மின்செலவை இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும்:

```
E = a + b × P
```

E மாதத்தின் யூனிட். P 40-ஆம் நம்பருக்கு மாற்றிய கிலோ. a உற்பத்தியோடு மாறாத பங்கு. b கூடுதலாக நூற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகும் யூனிட். பன்னிரண்டு மாதக் கணக்கை எக்செல்லில் கிலோவை B, யூனிட்டை C நெடுவரிசையில் போட்டால் இரண்டும் கிடைத்துவிடும்:

```
=INTERCEPT(C2:C13,B2:B13)
=SLOPE(C2:C13,B2:B13)
```

விளக்கத்துக்காக ஏறத்தாழ 20,000 ஸ்பிண்டில் கொண்ட ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். முந்தைய ஆண்டுக் கணக்கிலிருந்து a 1,80,000 யூனிட் என்றும் b 3.6 யூனிட் என்றும் வருகின்றன. மார்ச்சில் 1,60,000 கிலோவுக்கு 7,56,000 யூனிட், யூகேஜி 4.725. ஏப்ரலில் நூல் விற்காமல் தேங்கியதால் உற்பத்தி 1,20,000 கிலோவாகக் குறைக்கப்பட்டது; மின்செலவு 6,15,000 யூனிட்; யூகேஜி 5.125. ஜூனில் ஆர்டர் குவிந்து 1,90,000 கிலோ, 8,87,000 யூனிட், யூகேஜி 4.668.

வெறும் யூகேஜியை மட்டும் பார்க்கும் மேலாளர் ஏப்ரலுக்காக எலெக்ட்ரிகல் துறையைக் கூப்பிட்டு விசாரிப்பார். எட்டு சதவீதத்துக்கும் மேல் ஏறியிருக்கிறது அல்லவா. ஜூனுக்குப் பாராட்டுவார், மார்ச்சைவிடக் குறைவு. இப்போது எதிர்பார்ப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏப்ரலின் 1,20,000 கிலோவுக்கு எதிர்பார்த்தது 4,32,000 உடன் 1,80,000 சேர்த்து 6,12,000 யூனிட். உண்மையில் கூடியது 3,000 யூனிட், அரை சதவீதம். இது வழக்கமான ஏற்றத்தாழ்வுக்குள் அடங்கும். ஜூனில் எதிர்பார்த்தது 8,64,000. கூடியது 23,000 யூனிட். மாறாத பங்கு அதிகக் கிலோவின் மேல் பரவி யூகேஜியை இறக்கியதால் அந்த விரயம் கண்ணில் படவில்லை.

23,000 யூனிட்டை மாதத்தின் 720 மணி நேரத்தால் வகுத்தால் 32 கிலோவாட் வருகிறது. இரவும் பகலும் ஓயாமல் ஏதோ ஒன்று இவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆலையில் இந்த அளவுக்குப் பொருந்துவது மாற்றாக வைத்திருக்கும் கம்ப்ரஸர் ஒன்று தொடர்ந்து ஓடுவது. ஆட்டோகோனர்களின் காற்றுக்குழாய்களில் கசிவு கூடி, அழுத்தத்தைத் தாங்க இரண்டாவது கம்ப்ரஸரை யாரோ போட்டுவிட்டு அணைக்காமல் விட்டிருக்கலாம். ஆலை நிற்கும் விடுமுறை நாளில் ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டிக் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும். காற்றை யாரும் பயன்படுத்தாதபோதும் அது இரண்டு நிமிடம் லோடில், நான்கு நிமிடம் அன்லோடில் என்று மாறிமாறி ஓடினால், அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு கசிவுக்கே போகிறது என்று பொருள்.

கோடு எப்போது பொய் சொல்லும்

பன்னிரண்டு மாதமும் உற்பத்தி ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அவற்றின் ஊடே எந்தச் சாய்விலும் ஒரு கோடு போடலாம். அப்படி வரும் a-வுக்கு மதிப்பில்லை. சில நேரம் அது எதிர்மறையாகவும் வரும். அப்போது மாதக் கணக்கை விட்டு நாள் கணக்குக்குப் போவது நல்லது. பொங்கல், தீபாவளி விடுமுறையில் மீட்டரைப் படித்து a-வைச் சரிபார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் அன்று ஹ்யூமிடிஃபிகேஷன் விசிறிகளையும் அணைத்திருப்பார்கள் என்பதால் அந்த அளவு a-வைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

வானிலை மூன்றாவது மாறி. வெளிக்காற்று வறண்டு சூடாக இருக்கும் மாதங்களில் ஆலைக்குள் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ள விசிறியும் பம்பும் அதிகம் உழைக்கும். மே மாதப் புள்ளிகள் ஆண்டுதோறும் கோட்டுக்கு மேலேயே நின்றால் அதைத் திறமைக்குறைவாகக் கொள்ளாமல், மே மாதத்தைக் கடந்த ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஒரு மாதத்தின் வித்தியாசத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால், வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். நம் ஆலையில் ஏப்ரல் 3,000, மே −4,000, ஜூன் 23,000, ஜூலை 21,000 என்றால், திரண்ட தொகை 3,000, −1,000, 22,000, 43,000 என்று போகும். மேலும் கீழும் ஆடும் வரை கவலையில்லை. ஒரே பக்கம் ஏறத் தொடங்கும் மாதம்தான் கோளாறு பிறந்த மாதம். இங்கே அது ஜூன். கசிவை அடைத்த பிறகு திரண்ட தொகையின் கோடு கீழே வராது, ஏறாமல் கிடைமட்டமாக நிற்கும்.

அரசுக் கணக்கில்

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் வந்த ‘பேட்’ திட்டமும் உற்பத்தியால் வகுத்த இந்த அளவையே அடிப்படையாகக் கொண்டது. 2012 முதல் 2015 வரையிலான அதன் முதல் சுற்றில் ஜவுளியும் இருந்தது. ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு நிகரான அல்லது அதற்கு மேற்பட்ட ஆற்றலைச் செலவிடும் ஆலைகளுக்கே அது பொருந்தியது. மின்சாரம், நிலக்கரி, டீசல் மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த, ஒரு யூனிட் 860 கிலோகலோரி என்று கொள்ளப்படுகிறது. நம் ஆலை ஆண்டுக்கு 90 லட்சம் யூனிட் செலவிட்டாலும் 774 டன்தான் வரும்; அந்த வரம்புக்கு வெகு கீழே. பேட் திட்டத்திலும் உற்பத்தித்திறன் முழுதாகப் பயன்படாத ஆண்டுகளுக்கும் தயாரிப்பு மாறிய ஆண்டுகளுக்கும் திருத்தம் உண்டு.

புதிய ரிங் ஃப்ரேம்கள் வந்தாலோ, காம்பாக்ட் நூற்புக்கு மாறினாலோ, பழைய a, b இரண்டையும் தூக்கிப் போட்டுப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்தத் தேதியை அறிக்கையில் குறித்துவைக்க வேண்டும்.