முறுக்கில் சிக்கு வாடை... சாப்பிடலாமா, கூடாதா? நமத்தது, காறியது, பூசணம் பிடித்தது: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். டின்னின் அடியில் கொஞ்சம் முறுக்கும், ஒரு கைப்பிடி மிக்சரும் மிச்சம். மூடியைத் திறந்ததும் ஒரு மாதிரி வாடை. வாயில் போட்டால் கடைசியில் தொண்டையில் கரகரவென்று ஒட்டுகிறது. "சிக்கு வாடை வந்துடுச்சு, தூக்கிப் போடு" என்பார் ஒருவர். "எண்ணெய்ப் பலகாரம் அப்படித்தான் இருக்கும், ஒண்ணும் ஆகாது" என்பார் இன்னொருவர். இதில் யார் சொல்வது சரி?

சுருக்கமான பதில் இதுதான். ஒன்றிரண்டு முறுக்கு தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அது விஷம் அல்ல. ஆனால் அதற்காக மிச்சத்தையும் தின்று தீர்க்க வேண்டியதில்லை. நிலக்கடலையில் மட்டும் இந்தப் பதில் அப்படியே பொருந்தாது. அதைக் கீழே பார்க்கலாம்.

முதலில், எது கெட்டிருக்கிறது?

வீட்டில் 'பழசாப் போச்சு' என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேறு விஷயங்கள்.

முறுக்கு மெத்தென்று ஆகி, கடித்தால் சத்தமே வராவிட்டால் அது நமத்தது. காற்றில் இருந்த ஈரத்தை மாவு இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வாடை இல்லை என்றால் வெறும் வாணலியில் மிதமான சூட்டில் சில நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். இதில் கெடுதல் எதுவும் இல்லை.

மொறுமொறுப்பு இருக்கிறது, ஆனால் வாடையும் கசப்பும் வந்துவிட்டது என்றால் அது காறியது. இங்கே கெட்டது மாவு அல்ல, அதற்குள் இருக்கும் எண்ணெய். 'காறல்' என்பது இதற்கு நல்ல சொல். கருணைக்கிழங்கு நாக்கில் காறுகிறது என்பதும், தொண்டையைக் காறுவதும், எண்ணெய் காறிப்போவதும் ஒரே சொல்தான். சுவையைவிடத் தொண்டையில் தெரியும் அந்த உறுத்தலைத்தான் நம் ஆட்கள் பெயராக வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பூசணம். பச்சை, கறுப்பு, வெள்ளை என்று பொடிப் படலம் தெரியும், மக்கிய மண் வாடை அடிக்கும். நன்றாகப் பொரித்த முறுக்கில் இது அபூர்வம், ஏனென்றால் பூஞ்சை வளரத் தேவையான ஈரம் அதில் இல்லை. அதிரசம், தேங்காய் சேர்த்த பலகாரம், ஈரமான கடலை ஆகியவற்றில் வரும்.

நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?

காறல் பற்றிப் பலரும் சொல்வது இது. 20 நாள் ஒன்றும் தெரியாது, பிறகு ரெண்டே நாளில் வாயில் வைக்க முடியாமல் போய்விடும். இதற்குக் காரணம் இருக்கிறது.

எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் நீளமான சங்கிலிகள். அவற்றில் சில இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களையொட்டித்தான் தாக்கும். அப்படித் தாக்கும்போது முதலில் உருவாவது பெராக்சைடுகள். இவற்றுக்கு வாடையும் கிடையாது, சுவையும் கிடையாது. எண்ணெயில் இயற்கையாக இருக்கும் வைட்டமின் ஈ இந்தக் கட்டத்தில் குறுக்கே நின்று தன்னைத்தானே இழந்து, எதிர்வினையைத் தள்ளிப்போடுகிறது. அந்த வைட்டமின் தீர்ந்த பிறகு தடுக்க ஆள் இல்லை. ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், தொடர் வேகமாகிறது. பெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடுகள் என்ற சிறு மூலக்கூறுகள் உண்டாகின்றன. நம் மூக்குக்குத் தெரிவது இவைதான்.

புது கிரிக்கெட் மட்டைக்கு ஆளி விதை எண்ணெய் பூசி வைத்தால் அறையெல்லாம் ஒரு வாடை அடிக்குமே, அதுவும் இதே வேதியியல்தான். மட்டையில் அது தேவை, முறுக்கில் தேவையில்லை!

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். காறிய முறுக்கை மறுபடி சூடாக்கினால் வாடை கொஞ்சம் போன மாதிரி இருக்கும். ஆவியாகும் மூலக்கூறுகள் பறந்துவிட்டன, அதனால்தான். கெட்ட எண்ணெய் உள்ளேயே இருக்கிறது. ஓரிரு நாளில் வாடை திரும்ப வந்துவிடும். நமத்ததற்குப் பலிக்கும் வைத்தியம் காறலுக்குப் பலிக்காது.

ஒரே முறுக்கு, ரெண்டு டப்பா

ஒரு வீட்டில் ஒரே நாளில், ஒரே எண்ணெயில் சுட்ட முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். பாதி, மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் வாய் வரைக்கும் நிரப்பி, அலமாரிக்குள் இருட்டில் இருக்கிறது. மீதி, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில், அடுப்புக்கு மேலே உள்ள பலகையில். வருபவர்கள் எல்லாம் அதில்தான் கை வைக்கிறார்கள். டப்பா பாதியாகிவிட்டது.

இரண்டாவது டப்பாதான் முதலில் காறும். டப்பா காலியாகக் காலியாக அந்த இடத்தை நிரப்புவது காற்று. வெளிச்சம் எதிர்வினையைத் தூண்டுகிறது. அடுப்புச் சூடு அதை வேகப்படுத்துகிறது. முறுக்கு வேறு பொத்தல் பொத்தலான பண்டம். பொரியும்போது நீர் ஆவியாக வெளியேறிய துளைகளுக்குள், எடுத்து ஆறும் நேரத்தில் எண்ணெய் உள்ளே போய்விடுகிறது. ஒரு கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய்க்கு மேற்பரப்பு மட்டும்தான் காற்றில் படும். முறுக்கிலோ அந்த எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது.

பலரும் செய்யும் ஒரு காரியம் இதை மோசமாக்குகிறது. பழைய முறுக்கு மிச்சம் இருக்கும் டப்பாவிலேயே புதுசையும் கொட்டுவது. டப்பா சுவரில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயில் பெராக்சைடுகள் தயாராக இருக்கின்றன. அவை புது முறுக்கின் எண்ணெயில் தொடரை உடனே ஆரம்பித்து வைக்கும். டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகுதான் அடுத்த ஈடு.

எந்த எண்ணெயில் சுட்டது என்பதும் முக்கியம். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் எளிதில் கெடும் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், அதனால் சீக்கிரம் காறும். கடலை எண்ணெய் அதைவிடத் தாங்கும். தேங்காய் எண்ணெயில் இந்தப் பிணைப்புகள் மிகக் குறைவு, ஆனால் ஈரம் பட்டால் வேறு வழியில் கெட்டு சோப்பு மாதிரி ருசிக்கும். அதிரசம், பஜ்ஜி எல்லாம் சுட்டு முடித்த பழைய எண்ணெயில் கடைசியாக முறுக்குப் போட்டால், எந்த எண்ணெயாக இருந்தாலும் முறுக்கின் ஆயுள் பாதியிலிருந்துதான் தொடங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., பொரித்த எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

சரி, உடம்புக்கு என்ன ஆகும்?

ஆரோக்கியமான ஒருவர் கொஞ்சமாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நம் நாக்கே பெரிய காவல்காரன், அதிகம் தின்ன விடாது. அளவு கூடினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். ஜப்பானில் 1964-ல் எண்ணெயில் பொரித்த உடனடி நூடுல்ஸ் காறிப்போய், சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வந்தது. மசாலாவின் ருசி காறலை மறைத்துவிட்டால் அளவு தெரியாமல் சாப்பிட்டுவிடும் ஆபத்து உண்டு. காரம் தூக்கலான மிக்சர் விஷயத்திலும் இதை நினைவில் வைக்கலாம்.

நீண்ட காலத்துக்கு என்ன? காறிய கொழுப்பை நிறையக் கொடுத்து வளர்த்த விலங்குகளுக்குக் கல்லீரல் பாதிப்பும் வளர்ச்சிக் குறைவும் வந்ததை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். காறிய தீவனம் தின்னும் கோழிக்குஞ்சுகள் வைட்டமின் ஈ குறைந்து தள்ளாடி விழும். மனிதர்கள் எப்போதாவது தின்னும் சில முறுக்குகளை இதோடு ஒப்பிட முடியாது. ஆனால் காறிய எண்ணெயைத் தினமும் சாப்பிடும் பழக்கம் நல்லதல்ல என்று சொல்ல இது போதும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கடலை மட்டும் ஏன் வேற கதை?

நிலக்கடலை கசந்தால் பெரும்பாலும் காரணம் காறல்தான். வறுத்து, தோல் நீக்கி, ரெண்டாக உடைத்த கடலை சீக்கிரம் காறும். ஓட்டோடு இருப்பது பல மாதம் தாங்கும். ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகலாம். இங்கிலாந்தில் 1960-ல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்கும் இந்த நச்சுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது.

சிக்கல் என்னவென்றால், இந்த நச்சுக்கு என்று தனி வாடையோ ருசியோ கிடையாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. அதனால் காறலைச் சோதிப்பது மாதிரி நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, உடைத்தால் உள்ளே பச்சையோ கறுப்போ தெரிவது எல்லாம் குப்பைக்கு. மூட்டையில் நிறைய கடலை அப்படி இருந்தால் பொறுக்கி எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்பதும் வேண்டாம்.

"சரி, மாட்டுக்குப் போட்டுடலாம்" என்பது கிராமத்து வழக்கம். பூசணம் பிடித்த கடலையில் இது செய்யவே கூடாது. மாடு தின்னும் அஃப்ளாடாக்சினில் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நாம்தான்.

கடையில் வாங்கிய பாக்கெட் முதல் முறை பிரிக்கும்போதே காறியிருந்தால், தேதி தாண்டவில்லை என்றாலும் திருப்பிக் கொடுக்கலாம். பாக்கெட்டையும் பில்லையும் வைத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்யவும் வழி இருக்கிறது. வீட்டில் நிறைய மிஞ்சினால், சின்னச் சின்னப் பையாகக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம். குளிரில் எதிர்வினை நிற்காது, ஆனால் வெகுவாக மெதுவாகும். எடுத்ததும் உடனே பிரிக்காமல், பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் முறுக்கு நமத்துப் போகாது.