கைவரைவு (பொருள் வடிவமைப்பு)

ஒரு பொருளின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் உருவாக்கும் முன், வடிவமைப்பாளர் தாளில் பென்சிலால் போட்டுப் பார்க்கும் படமே கைவரைவு. அது அழகாக இருக்கத் தேவையில்லை, அளவுகோல் வைத்து வரையவும் வேண்டாம். எந்த உருவத்தைச் செய்வது என்று முடிவெடுக்க உதவினால் போதும்.

மாடலிங் மென்பொருளில் ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம் என்ன என்ற கேள்வி உடனே வந்துவிடும். எந்தப் பதிலைக் கொடுத்தாலும் திரையில் வழவழப்பான, முடிந்துபோன பொருள் போல ஓர் உருவம் தெரியும். அதைப் பார்த்ததும் மாற்ற மனம் வராது. தாளில் வரைந்த கோடு அப்படி யாரையும் கட்டிப்போடுவதில்லை. நேரான சுவர், தொப்பை விழுந்த சுவர், மேலே விரிந்த சுவர் என்று ஒரே பக்கத்தில் பத்துக் கோப்பைகளைச் சில நிமிடங்களில் வரைந்து, ஒன்பதை அடித்துவிடலாம்.

கைப்பிடி வைத்த ஒரு பால் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். அதில் 300 மில்லி பிடிக்க வேண்டும். நேரான சுவர் கொண்ட உருவத்தைத் தேர்ந்தபின், கோப்பையை நெடுக்காக இரண்டாக வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு வெட்டுத்தோற்றப் படம் வரைய வேண்டும். உயரம் 95 மி.மீ., வெளிவிட்டம் 80 மி.மீ., சுவர் 4 மி.மீ., அடிப்பகுதி 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் உள் ஆரம் 36 மி.மீ. ஆகிறது. விளிம்புக்கு 10 மி.மீ. கீழே வரை பால் ஊற்றினால் ஆழம் 80 மி.மீ. உருளையின் கன அளவு வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 325 மில்லி வரும். கணினியைத் திறக்கும் முன்பே அளவு சரி என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது மேலிருந்து பார்க்கும் படம். சிக்கல் வெளிப்படும் இடம் இதுதான். கைப்பிடியின் அகலம் 14 மி.மீ., அதன் முனை தட்டையானது. கோப்பையின் சுவரோ வளைவானது. முனையின் நடுப்பகுதி சுவரைத் தொடும் இடத்தில் நிறுத்தினால், இரு ஓரங்களிலும் சுமார் 0.6 மி.மீ. இடைவெளி விழும். அதை அடைக்க முனையை 4 மி.மீ.க்கு மேல் உள்ளே தள்ளினால், கோப்பையின் உட்புறத்தில் ஒரு மேடு முளைக்கும். வெளியிலிருந்து மட்டும் மாதிரியைச் சுழற்றிப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மேடு தப்பிவிடும். தாளில் இரண்டு வட்டங்களும் ஒரு பட்டையும் வரைந்தவருக்கோ, முனை சுவரின் நடுவில், அதாவது 2 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும் என்பது பார்த்ததுமே புரியும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதையும் இதே படம் சொல்லிக்கொடுக்கும். திடமான உருளையை எழுப்பி, முதலில் அதைக் குடைந்துவிட்டுப் பிறகு கைப்பிடியை ஒட்ட வேண்டும். கைப்பிடியை ஒட்டிவிட்டு மொத்தத்தையும் குடையச் சொன்னால், மென்பொருள் தடிமனான கைப்பிடியின் உள்ளேயும் குடைந்துவிடும். பால் அதற்குள் புகுந்து நிற்கும், கழுவவும் முடியாது.

உயரத்தை 95இலிருந்து 100 ஆக்குவது கணினியில் எளிது. எண்ணை மாற்றினால் போதும். நேரான சுவரைத் தொப்பைச் சுவராக மாற்றுவது அப்படியல்ல. கைப்பிடியும் விளிம்பின் உருட்டலும் பழைய சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சுவர் போனால், அதை நம்பி நின்ற கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழை காட்டும். அதனால்தான் உருவத்தைத் தாளிலேயே முடிவு செய்துவிட்டு, எண்களைச் சரிபார்க்கக் கணினிக்குப் போகிறார்கள்.

கைவரைவுக்கும் எல்லை உண்டு. தாளில் எந்த வளைவையும் வரைந்துவிடலாம்; அதைக் கட்ட முடியுமா என்று பென்சில் சொல்லாது. டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன், சிட்னி ஓப்பரா அரங்கத்துக்கான போட்டியில் 1957இல் வென்றது அப்படிச் சுதந்திரமாக வரைந்த, சிப்பி ஓடு போன்ற கூரைகளால்தான். அந்த வளைவுகளுக்குக் கணித வரையறை இல்லை. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு உருவமானால் ஒரே அச்சில் பல துண்டுகளை வார்க்க முடியாது. ஓவ் அருப் நிறுவனத்தின் பொறியாளர்கள் பரவளைவு, நீள்கோளம் என்று பல வடிவங்களை முயன்றனர். எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுப்பது என்ற வழி 1961இல் கிடைத்தது. ஒரே கோளம் என்பதால் வளைவு எங்கும் ஒன்றுதான். துண்டுகளுக்குப் பொதுவான அச்சுகள் போதுமாயின. 1973இல் திறக்கப்பட்ட அரங்கின் ஓடுகள், போட்டிக்கு அனுப்பிய படத்தில் இருந்ததைவிட உயரமாகவும் நிமிர்ந்தும் நிற்கின்றன.