கேடயத்திலிருந்து வாளுக்கு: மறுபயன் இல்லாத வணிக வாக்குறுதியும் முரண்தடைக் கோட்பாட்டின் வளர்ச்சியும்

ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி ஒரு வாக்குறுதியை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றிக்கொள்ள வேண்டுமானால், அதைப் பெற்றவர் அதற்கு ஈடாக ஏதேனும் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும் அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ, ஓர் உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ அமையக்கூடிய அந்த ஈட்டைச் சட்டத்தமிழ் ‘மறுபயன்’ என்கிறது. மறுபயன் இல்லாத வாக்குறுதி, உரிய முறையில் பத்திரமாக எழுதப்பட்டாலன்றி, சொன்னவரின் நாணயத்தை மட்டுமே நம்பி நிற்பது. ஆனால் அப்படிப்பட்ட ஒரு சொல்லை நம்பி மற்றவர் பணத்தைச் செலவழித்துத் தம் நிலையையே மாற்றிக்கொண்ட பிறகு, சொன்னவர் அதற்கு முரணாக நடப்பதைத் தடுக்கும் ஒரு நெறி 19ஆம் நூற்றாண்டிலிருந்து படிப்படியாக உருவாயிற்று. ‘எஸ்டாப்பல்’ என்று நீதிமன்ற வழக்கில் அழைக்கப்படும் முரண்தடையின் ஒரு கிளையான அது, வாக்குறுதி முரண்தடை எனப்படுகிறது. முதலில் தற்காப்புக்கு மட்டும் உதவிய இந்நெறி, ஒரு வணிக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கும் அடிப்படையாக மாறிய விதத்தையும், அம்மாற்றத்தின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தற்காப்பாகத் தோன்றிய நெறி

முரண்தடை தொடக்கத்தில் நடந்த செய்திகளைப் பற்றிய கூற்றுகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒருவர் ‘இது இப்படி இருக்கிறது’ என்று சொல்லி மற்றவரை நம்பவைத்துவிட்டுப் பின்னர் வழக்கில் அதை மறுக்க முடியாது. ஆனால் ‘இனி இப்படிச் செய்வேன்’ என்ற பேச்சு இதில் அடங்காது என்று 1854இல் ஜோர்டன் எதிர் மணி வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எதிர்காலத்தைப் பற்றிய உறுதிமொழியை விரும்புபவர் அதை ஒப்பந்தமாகவே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உட்பொருள்.

இந்தச் சுவரில் முதல் விரிசல் 1877இல் ஹியூஸ் எதிர் மெட்ரோபாலிட்டன் ரயில்வே வழக்கில் விழுந்தது. லண்டன் யூஸ்டன் சாலையில் இருந்த வீடுகளை ஆறு மாதத்துக்குள் பழுதுபார்க்குமாறு நில உரிமையாளர் 1874 அக்டோபரில் குத்தகைதாரரான ரயில் நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்தார். நவம்பரில் அந்நிறுவனம் தன் குத்தகை உரிமையை உரிமையாளருக்கே விற்க முன்வந்து, பேச்சு முடியும்வரை பழுதுபார்ப்பை நிறுத்திவைப்பதாகத் தெரிவித்தது. டிசம்பர் இறுதியில் பேச்சு முறிந்தது. 1875 ஏப்ரலில் ஆறு மாதம் முடிந்ததும், பழுதுபார்க்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி உரிமையாளர் குத்தகையைப் பறிக்க முயன்றார். பேச்சில் ஈடுபட்டதன் மூலம் கெடு ஓடாது என்று மறுதரப்பை நம்பவைத்தவர், அந்த நாள்களையும் சேர்த்துக் கணக்கிடுவது நேர்மையாகாது என்றும், ஆறு மாதத்தைப் பேச்சு முறிந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்றும் கெய்ர்ன்ஸ் பிரபு முடிவுசெய்தார்.

இத்தீர்ப்பு எழுபது ஆண்டுக்காலம் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. அதற்கு உயிரூட்டியவர் நீதிபதி டென்னிங். லண்டனின் ஹை ட்ரீஸ் அடுக்குமாடிக் கட்டடத்தை 1937இல் ஆண்டுக்கு 2,500 பவுண்டு வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற நிறுவனத்தால், போர்க்காலத்தில் குடியிருப்புகளை நிரப்ப முடியவில்லை. எனவே உரிமையாளர் நிறுவனம் 1940இல் வாடகையைப் பாதியாகக் குறைத்துக் கடிதம் எழுதியது. அதற்கு மறுபயன் ஏதும் இல்லை. 1945இன் தொடக்கத்தில் குடியிருப்புகள் நிரம்பிவிட, அவ்வாண்டின் பிற்பாதிக்கு முழு வாடகை கோரி வழக்குத் தொடுக்கப்பட்டது. போர்ச் சூழல் நீங்கிவிட்டதால் அக்கோரிக்கை நியாயமானதே என்று ஏற்ற டென்னிங், கழிந்துபோன போர் ஆண்டுகளுக்கான பாக்கியைக் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார். 1947ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் வெளிவந்த அந்தக் கருத்து, வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத ஒன்றாக இருந்தும், நவீனக் கோட்பாட்டின் தோற்றுவாயாயிற்று.

இவ்விரு வழக்குகளிலும் தரப்பினரிடையே முன்பே ஓர் ஒப்பந்தம் இருந்தது என்பதும், வாக்குறுதி அதிலுள்ள உரிமையைத் தளர்த்த மட்டுமே செய்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. 1951இல் கூம் எதிர் கூம் வழக்கில், மணமுறிவின்போது ஆண்டுக்கு 100 பவுண்டு தருவதாகக் கணவர் சொன்ன சொல்லை வைத்து மனைவி வழக்குத் தொடுத்தபோது, டென்னிங்கே அதற்குத் தடைபோட்டார். இந்நெறி புதிய உரிமை எதையும் படைக்காது; அது கேடயமே அன்றி வாள் அன்று என்ற உருவகம் இத்தீர்ப்பிலிருந்தே பரவியது. இங்கிலாந்தின் நிலைப்பாடு இன்றும் ஏறத்தாழ இதுவே. இந்தியாவில் 1979இல் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உருவகத்தை ஏற்காமல், வரிவிலக்கு தருவதாக அரசு சொன்னதை நம்பி ஆலை அமைத்தவர் அதையே காரணமாக்கி வழக்குத் தொடுக்கலாம் என்றது. ஆனால் அங்கே வாக்குக் கொடுத்தது அரசு. இரு தனியார் வணிகத் தரப்புகளுக்கு இடையே, ஒப்பந்தமே உருவாகாத நிலையில் இந்நெறி வாளாக மாறியதை ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது.

நௌராவில் நாற்பது நாள் மௌனம்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நௌரா நகரில் மஹர் தம்பதியருக்கு ஒரு கட்டடம் இருந்தது. அதை இடித்துவிட்டுத் தன் தேவைக்கேற்பப் புதிய கடைக்கட்டடம் எழுப்பித் தந்தால் குத்தகைக்கு எடுத்துக்கொள்வதாக வால்டன்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனம் 1983இல் பேசியது. கட்டடம் 1984இன் தொடக்கத்தில் தயாராக வேண்டும் என்பதால் காலம் நெருக்கியது. நவம்பர் 7 அன்று மஹர் தரப்பு வழக்கறிஞர், ஓரிரு நாளில் ஒப்பந்தம் முடிவாகாவிட்டால் குறித்த நாளில் கட்டி முடிக்க முடியாது என்றும், குத்தகையில் சிக்கல் இல்லை என்பது தெளிவாகும்வரை பழைய கட்டடத்தின் புதிய பகுதியை இடிக்கத் தம் கட்சிக்காரர் விரும்பவில்லை என்றும் வெளிப்படையாகவே சொன்னார். திருத்திய வரைவை அனுப்பிய வால்டன்ஸ் தரப்பு வழக்கறிஞர், ஒப்புதல் கிடைத்துவிடும் என்று நம்புவதாகவும், ஏற்க முடியாத திருத்தம் ஏதேனும் இருந்தால் மறுநாளே தெரிவிப்பதாகவும் எழுதினார். மறுநாள் எந்தத் தகவலும் வரவில்லை. நவம்பர் 11 அன்று மஹர் தம்பதியர் கையொப்பமிட்ட ஆவணம் வால்டன்ஸ் தரப்புக்கு அனுப்பப்பட்டது; இடிப்பு வேலையும் தொடங்கியது.

ஆனால் வால்டன்ஸ் தன் ஆவணத்தில் கையொப்பமிடவில்லை. தன் வணிக உத்தியை மறுபரிசீலனை செய்யத் தொடங்கிய அந்நிறுவனம், அவசரப்பட வேண்டாம் என்று தன் வழக்கறிஞரிடம் சொல்லிவைத்தது. இடிப்பு நடப்பதை டிசம்பர் 10 அன்று அறிந்த பிறகும் அது வாய் திறக்கவில்லை. ஜனவரியில் புதிய கட்டடம் எழும்பத் தொடங்கி, ஏறத்தாழ 40 விழுக்காடு முடிந்திருந்த நிலையில், ஜனவரி 19 அன்று குத்தகை வேண்டாம் என்று தெரிவித்தது.

ஒப்பந்தச் சட்டத்தின் கணக்கில் வால்டன்ஸ் பக்கமே வலுவாக இருந்தது. இரு தரப்பும் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளாததால் ஒப்பந்தம் பிறக்கவில்லை. நிலம் பற்றிய ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற சட்ட விதியும் அதற்குத் துணைநின்றது. இருந்தும் அந்நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1988இல் வால்டன்ஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஐந்து நீதிபதிகளில் மேசன், வில்சன், பிரென்னன் ஆகிய மூவரின் தர்க்கமே வரலாற்றைத் திருப்பியது. பேச்சுவார்த்தையிலிருந்து விலக எவருக்கும் உரிமை உண்டு. வாக்குத் தவறுவது மட்டுமே முரண்தடைக்குக் காரணமாகாது. ஆனால் ஆவணப் பரிமாற்றம் வெறும் சடங்கே என்ற எண்ணத்தை மறுதரப்பிடம் தோற்றுவித்துவிட்டு, அந்த எண்ணத்தை நம்பியே கட்டடம் இடிபடுகிறது என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் விலகுவது மனச்சான்றுக்கு ஒவ்வாத நடத்தை. அத்தகைய நடத்தைக்கு ஒப்பந்தம் இல்லை என்பது காப்பாகாது.

இவ்வழக்கில் நவம்பர் 7ஆம் தேதிக் கடிதத்தைவிட டிசம்பர் 10க்கும் ஜனவரி 19க்கும் இடைப்பட்ட நாற்பது நாள்களே வால்டன்ஸுக்கு எதிராக மிகுதியாகப் பேசின. டிசம்பர் 10 அன்று ‘இன்னும் முடிவெடுக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தாலும், அதன்பின் கட்டியது மஹர் தம்பதியரின் சொந்தப் பொறுப்பாகியிருக்கும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

நிறுவனம் கட்டுண்டது என்று முடிவான பிறகு அடுத்து எழுவது அளவு பற்றிய கேள்வி. வாக்குறுதியில் சொன்னது முழுவதையும் தர வேண்டுமா, நம்பியவர் இழந்ததை ஈடுசெய்தால் போதுமா? அமெரிக்காவின் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1965இல் ஹாஃப்மன் எதிர் ரெட் அவுல் வழக்கில் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 18,000 டாலர் முதலீடு செய்தால் மளிகைக் கடை உரிமம் கிடைக்கும் என்று நிறுவனத்தின் முகவர் சொன்னதை நம்பி அடுமனையை விற்று ஊர் மாறியவரிடம், அத்தொகை மேலும் மேலும் உயர்த்திக் கேட்கப்பட்டது. நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்ற நீதிமன்றம், நம்பியதால் ஏற்பட்ட இழப்பை மட்டுமே வழங்கியது. கடை கிடைத்திருந்தால் வந்திருக்கும் இலாபத்தை வழங்கவில்லை.

நௌரா வழக்கிலோ, ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் கிடைத்திருக்கும் பயனை ஒட்டியே இழப்பீடு நின்றது. வாக்குறுதியை நிறைவேற்றுவது நீதிமன்றத்தின் இலக்கு அன்று, அநீதியைத் தவிர்ப்பதே இலக்கு என்றார் பிரென்னன். இடிந்த கட்டடத்தை மீட்க முடியாத இடத்தில் அந்த இலக்கை எட்ட, எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எல்லை எங்கே?

வாளான பிறகும் இந்நெறி எல்லா வணிகப் பேச்சுக்கும் பாயவில்லை. மெல்போர்ன் சூதாட்ட வளாகத்தில் இரண்டு உணவகங்களை ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவர்கள், ஒப்பந்தப்படி பெருஞ்செலவில் அவற்றைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை ஆவணத்தில் இல்லை. புதுப்பிக்கும் நேரத்தில் கவனித்துக்கொள்வோம் என்று உரிமையாளர் தரப்பு வாய்மொழியாகச் சொன்னதை நம்பிச் செலவழித்ததாக அவர்கள் வாதிட்டனர். 2016இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எவ்வளவு காலத்துக்கு, என்ன வாடகைக்கு என்று எதையும் சொல்லாத ஒரு பேச்சு, இன்னது கிடைக்கும் என்ற திட்டமான எதிர்பார்ப்பை அறிவார்ந்த ஒரு வணிகரிடம் தோற்றுவிக்க முடியாது என்பதே காரணம்.

ஆக, 1854இல் ஒப்பந்தமாக எழுதி வாங்கு என்று சொல்லி ஒதுங்கிய சட்டம், 1988இல் எழுதி வாங்காதவருக்கும் கைகொடுத்தது. ஆயினும் மறுபயன் என்ற விதியை அது கைவிடவில்லை. மறுபயன் இல்லாத வாக்குறுதி இன்றும் வாக்குறுதி என்பதற்காகவே கட்டுப்படுத்துவதில்லை. சொன்ன சொல் இன்னது என்று காட்டும் அளவுக்குத் தெளிவாக இருந்து, அதை நம்பி மறுதரப்பு மீளமுடியாத அடியை எடுத்துவைக்கிறது என்பது சொன்னவருக்குத் தெரிந்திருந்து, தடுக்க வாய்ப்பிருந்தும் அவர் தடுக்காதபோதுதான் அது கட்டுப்படுத்துகிறது. நௌராவில் இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தன. மெல்போர்ன் வழக்கு முதல் படியிலேயே தடுக்கி விழுந்தது.