எந்த விளம்பரம் ஆளைக் கூட்டிவந்தது?

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் நடத்தும் சிறு கடைகள் பல, பத்திரிகையிலும் தமிழ் வானொலியிலும் தெருப் பதாகையிலும் ஒரே நேரத்தில் விளம்பரம் செய்கின்றன. மூன்றிலும் ஒரே தொலைபேசி இலக்கம்தான் இருக்கும். அதனால் எந்த விளம்பரத்தைக் கண்டு ஆள் வந்தார் என்பதை அறிய வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அடையாளம் இட்டால் இதைக் கணக்கிடலாம். சலுகைச் சொல், தனித் தொலைபேசி இலக்கம், கியூஆர் குறியீடு என அடையாளங்கள் மூன்று வகை.

வானொலிக்குத் தனித் தொலைபேசி இலக்கமே பொருந்தும். இணையவழித் தொலைபேசிச் சேவையில் கூடுதல் இலக்கம் ஒன்றை வாங்கி, அதற்கு வரும் அழைப்புகளைக் கடையின் வழக்கமான இலக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். யார், எப்போது அழைத்தார் என்ற பட்டியல் தானாகவே சேரும். உரையாடலைப் பதிவுசெய்யத் தேவையில்லை. விளம்பரம் ஒலித்த சில நிமிடங்களுக்குள் அழைப்புகள் குவிந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். முன்பு வேறொருவர் பயன்படுத்திய இலக்கம் உங்களுக்குக் கிடைத்திருக்கலாம். எனவே வெளியிடுவதற்கு முன் இரண்டு வாரம் சும்மா வைத்துப் பாருங்கள். அப்போதே அழைப்புகள் வந்தால் இலக்கத்தை மாற்றிவிடுங்கள்.

பத்திரிகைக்குச் சலுகைச் சொல் ஏற்றது. அது ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். ‘வாழை’ என்பதை ஆங்கில எழுத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள்; அதைவிட ‘57’ போன்ற எண் நல்லது. பணம் வாங்குபவர் அதைப் பொறியில் பதிய மறந்தால் கணக்கு குறைந்துவிடும். சொல் வட்சப் குழுக்களில் பரவினால் கணக்கு கூடிவிடும். பத்திரிகை போய்ச் சேராத ஊர்களிலிருந்து திடீரெனப் பலர் அதே சொல்லுடன் வந்தால், பரவிவிட்டது என்று அறியலாம்.

கியூஆர் குறியீடு, நின்று பார்க்கும் இடத்துக்கு உரியது. பேருந்துத் தரிப்பிடத்தில் பயன்படும். நெடுஞ்சாலையோரப் பதாகையில் பயன்படாது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலமாவது வேண்டும் என்பது பொதுவான அளவு. இரண்டு மீற்றருக்கு 20 சென்ரிமீற்றர். சுற்றிலும் வெள்ளை இடம் விட வேண்டும். அது திறக்கும் முகவரியின் முடிவில் இப்படி ஒரு குறிப்பைச் சேர்த்தால், இணையத்தளக் கணக்கில் அந்த வருகைகள் தனியாகத் தெரியும்:

```
https://example.com/?utm_source=busstop&utm_medium=poster&utm_campaign=pongal
```

பிறருடைய சேவை வழியாகத் திருப்பிவிடும் குறியீடானால், சந்தா நின்றதும் அதுவும் செத்துவிடலாம். ஆண்டு முழுவதும் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அச்சிடுவதற்கு உங்கள் சொந்த இணைய முகவரியே பாதுகாப்பு.

இனி, ஸ்காபரோவில் ஒரு பலகாரக் கடை தைப்பொங்கலுக்கு நான்கு வாரம் விளம்பரம் செய்ததாக வைத்துக்கொள்வோம். பத்திரிகைக்கு 300 டொலர், வானொலிக்கு 500, தரிப்பிடப் பதாகைக்கு 600.

பத்திரிகைச் சொல்லுடன் 30 பேர் வந்தார்கள். பார்வைக்கு நல்ல எண்தான். ஆனால் அவர்களில் 24 பேர் எப்படியும் வரக்கூடிய பழைய வாடிக்கையாளர்கள். ஆளுக்கு 5 டொலர் சலுகையாக 150 டொலரும் போனது. ஆக 450 டொலருக்குப் புதியவர் 6 பேர். ஒருவருக்கு 75 டொலர். வானொலி இலக்கத்துக்கு 50 அழைப்புகள். ஒரே ஆள் திரும்ப அழைத்ததையும் பழையவர்களையும் கழித்தால் புதிதாக வாங்கியவர் 20 பேர். ஒருவருக்கு 25 டொலர். பதாகையின் குறியீட்டை 90 தடவை திறந்தார்கள், வாங்கியவர் 4 பேர்தான். ஒருவருக்கு 150 டொலர்.

இத்துடன் நிறுத்தினால் பதாகையை நீக்கத் தோன்றும். ஆனால் எந்த அடையாளமும் இல்லாமல் வந்த புதியவர்கள் 16 பேரிடம் “எங்களை எப்படி அறிந்தீர்கள்?” என்று கேட்டபோது, 10 பேர் தரிப்பிடத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்றவர்கள் நண்பர் சொல்லி வந்தவர்கள். அப்படியானால் பதாகையால் வந்தவர் 14 பேர். ஒருவருக்கு 43 டொலர் அளவில்தான். முடிவே மாறிவிட்டது. குறைக்க வேண்டியது பத்திரிகைச் செலவைத்தான்.

மூன்று அடையாளங்களும் ஆளின் கடைசிப் படியை மட்டுமே காட்டுகின்றன. வானொலியில் கேட்டு, பிறகு பத்திரிகையைக் கண்டு வந்தவர் பத்திரிகைக் கணக்கில்தான் சேர்வார். அதனால் பணம் வாங்கும் மேசையில் அந்த ஒரு கேள்வியையும் கேட்டு எழுதிவையுங்கள். பழைய பத்திரிகையைப் பார்த்தும் சிலர் பிந்தி வருவார்கள். விளம்பரம் முடிந்த பின்னும் இலக்கத்தையும் சலுகைச் சொல்லையும் சில மாதங்களாவது உயிருடன் வைத்திருங்கள்.