வளைகுடா நிறுவனங்களில் கணினிப் பாதுகாப்புச் சோதனை: சோதனைக் கணக்கை எப்படி அமைப்பது?

2012 ஆகஸ்ட் 15 அன்று சவூதி அராம்கோ நிறுவனத்தின் சுமார் 30,000 கணினிகளின் தரவுகளை ஷாமூன் என்ற தீநிரல் அழித்தது. 2016 நவம்பரில் அது மீண்டும் சவூதி நிறுவனங்களைத் தாக்கியபோது, முன்கூட்டியே திருடப்பட்ட உள்நுழைவு விபரங்கள் அந்த நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. எல்லாக் கணினிகளையும் திறக்கக்கூடிய ஒரு கணக்கு களவுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு இது உதாரணம்.

பாதுகாப்புக் குறைபாடுகளைத் தேடும் ஸ்கேனருக்கு நாம் கொடுக்கும் கணக்கும் அப்படிப்பட்ட ஒன்றுதான். டுபாயிலும் தோகாவிலும் கணினித் துறையில் பணிபுரியும் நம்மவர்கள் பலரிடம் இந்த வேலை ஒப்படைக்கப்படலாம்.

முதலில், கணக்கு ஏன் தேவை? வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனர், திறந்திருக்கும் வாயில்களையும் மென்பொருள் அறிவிக்கும் பதிப்பு எண்ணையும் கொண்டு ஊகிக்கிறது. லினக்ஸ் விநியோகங்கள் பழைய பதிப்பு எண்ணை மாற்றாமலேயே அதற்குள் திருத்தங்களைச் சேர்ப்பதுண்டு. அதனால் சரிசெய்யப்பட்ட சேர்வரும் ஆபத்தானதாகக் காட்டப்படும். உள்நுழைந்து பொதிகளின் பட்டியலை வாசித்தால் உண்மை நிலை தெரியும்.

உதாரணத்திற்கு, ஜெபல் அலியில் ஒரு களஞ்சிய நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 150 விண்டோஸ் கணினிகள், 20 லினக்ஸ் சேர்வர்கள், பொதிகளை நகர்த்தும் பட்டைகளை இயக்கும் 15 கட்டுப்பாட்டுக் கருவிகள், 6 பார்கோட் அச்சு இயந்திரங்கள் உள்ளன.

லினக்ஸில் பொதிப் பட்டியலை வாசிக்கச் சாதாரண பயனர் கணக்கே போதும். ரூட் அதிகாரம் தேவைப்படுவது, பாதுகாக்கப்பட்ட அமைப்புக் கோப்புகளையும் சரிபார்க்க வேண்டியிருந்தால்தான். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவியைப் பயன்படுத்தி, அது ஸ்கேனரின் முகவரியிலிருந்து மட்டும் செல்லுபடியாகும்படி `authorized_keys` கோப்பில் எழுதலாம்:

```
from="10.20.5.10",no-port-forwarding,no-agent-forwarding,no-X11-forwarding ssh-rsa AAAA... svc-scan
```

விண்டோஸில் முழுமையான சோதனைக்கு அந்தந்தக் கணினியின் உள்ளூர் நிர்வாகி அதிகாரம் பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் `Domain Admins` குழுவில் சேர்ப்பது அவசியமில்லை. தனிக் குழுவொன்றை உருவாக்கி, குழுக் கொள்கை மூலம் அதனை 150 கணினிகளின் உள்ளூர் நிர்வாகிகளில் சேர்த்தால் போதும். டொமைன் கட்டுப்பாட்டுச் சேர்வர்களுக்கு உள்ளூர் நிர்வாகி என்று ஒன்று இல்லை. ஆகவே அவற்றை இதிலிருந்து விலக்கி, தனியாகக் கையாள வேண்டும். பின்னர் `Deny log on locally`, `Deny log on through Remote Desktop Services` ஆகிய இரண்டையும் அந்தக் கணக்கிற்குப் பொருத்த வேண்டும். வலையமைப்பு வழி உள்நுழைவைத் தடுத்துவிடக் கூடாது. ஸ்கேனர் உள்ளே வருவது அந்த வழியால்தான். சோதனை நேரத்தில் மட்டும் கணக்கை இயக்கி, வேறு முகவரியிலிருந்து அது பயன்படுத்தப்பட்டால் எச்சரிக்கை வரும்படி செய்தால், களவுபோன கணக்கும் விரைவில் வெளிப்படும்.

எளிதில் பழுதாகும் கருவிகளே அடுத்த கவலை. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பற்றிய அமெரிக்காவின் நிஸ்ட் வழிகாட்டி சில சம்பவங்களைப் பதிவுசெய்துள்ளது. ஓரிடத்தில் வலையமைப்பில் எந்தெந்தக் கருவிகள் உள்ளன என்று அறிய அனுப்பிய பிங் செய்திகளால், ஓய்விலிருந்த 9 அடி ரோபோக் கை ஒன்று திடீரென 180 பாகை சுழன்றது. ஓர் எரிவாயு நிறுவனத்தில் ஊடுருவல் சோதனை கட்டுப்பாட்டு அமைப்பை முடக்கியதால், 4 மணிநேரம் குழாய்களில் எரிவாயுவை அனுப்ப முடியவில்லை.

ஆகவே நமது களஞ்சியத்தின் 15 கட்டுப்பாட்டுக் கருவிகளின் முகவரிகளும் ஸ்கேனரின் விலக்குப் பட்டியலில் முதலிலேயே எழுதப்பட வேண்டும். அவற்றின் மென்பொருள் பதிப்பை, அவற்றை இயக்கும் பொறியியல் கணினியிலிருந்தோ, வலையமைப்பில் செல்லும் தரவை மௌனமாகக் கவனிக்கும் கருவியிலிருந்தோ அறியலாம். நேரடியாகச் சோதித்தே ஆகவேண்டுமானால், அதே வகை உதிரிக் கருவியை மேசையில் வைத்துச் சோதிக்கலாம். அச்சு இயந்திரங்களும் விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும். 9100 என்ற வாயிலுக்கு எதை அனுப்பினாலும் அவை அச்சிடத் தொடங்கலாம்; லேபிள் சுருள் முழுவதும் வீணாகும்.

சோதனை சரியாக நடந்ததா என்பதை எப்படி அறிவது? நெசஸ் ஸ்கேனரானால் அறிக்கையில் ஒவ்வொரு கணினிக்கும் `Credentialed checks : yes` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். `no` என்றிருந்தால் உள்ளே நுழைய முடியவில்லை என்று பொருள். சென்ற மாதம் நூற்றுக்கணக்கில் இருந்த குறைபாடுகள் இந்த மாதம் திடீரெனச் சில பத்துகளாகக் குறைந்தால், கணக்கின் கடவுச்சொல் காலாவதியானதா என்று முதலில் பாருங்கள். தவறான கடவுச்சொல்லுடன் 150 கணினிகளைத் தட்டினால் டொமைன் அந்தக் கணக்கைப் பூட்டிவிடவும் கூடும். எனவே முதலில் ஒரேயொரு கணினியில் முயன்று, அந்த வரியை உறுதிசெய்த பின்னரே மற்றவற்றிற்குச் செல்ல வேண்டும்.