போலித்தோற்றம்: வடமதுரைச் சமவெளியின் கறிவேப்பிலை வண்ணத்துப்பூச்சி

நஞ்சோ கொடுக்கோ உடைய ஓர் உயிரினத்தின் எச்சரிக்கை நிறங்களைத் தீங்கற்ற வேறோர் உயிரினம் தன் உடலில் கொண்டிருந்து, அதனால் கொன்றுதின்னிகளிடமிருந்து தப்புவதைப் போலித்தோற்றம் என்கிறோம். நஞ்சுள்ளது மூல இனம்; அதைப் போல இருப்பது போலி இனம். இதை முதலில் விளக்கியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ். 1848 முதல் 1859 வரை அமேசான் காடுகளில் பூச்சி சேகரித்த அவர், 1862-இல் வெளிவந்த கட்டுரையில் தம் கருத்தை முன்வைத்தார். அதனால் இவ்வகைக்குப் பேட்சியப் போலித்தோற்றம் என்று பெயர்.

தேனீயின் மஞ்சள் கறுப்புப் பட்டைகளை அணிந்த ஈக்களே பாடநூல்களில் வழக்கமாக வரும் எடுத்துக்காட்டு. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தின் வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர்ப் பகுதிகளில் இதைவிட வியப்பான ஒன்று வீட்டுக் கொல்லையிலேயே வளர்கிறது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் காமன் மார்மன் என்ற வண்ணத்துப்பூச்சிதான் அது. ஒரே இனத்தின் பெண்கள் மூன்று வெவ்வேறு தோற்றங்களில் பிறப்பது இதன் தனித்தன்மை. அவற்றுள் இரண்டு, நஞ்சுள்ள வேறு இரண்டு இனங்களின் நகல்கள்.

நஞ்சு வரும் வழி

மூல இனங்களான காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் இரண்டும் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய செடிகளில் முட்டையிடுகின்றன. ஆடுதின்னாப்பாளை சமவெளியின் வயல் வரப்பிலும் தரிசிலும் தரையோடு படர்வது. ஈஸ்வரமூலி வேலியிலும் புதரிலும் ஏறும் கொடி. இந்தச் செடிக் குடும்பத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலங்கள் என்ற நச்சுப்பொருள்கள் உள்ளன. மனிதச் சிறுநீரகத்தைக் கெடுப்பவை, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்டவை இவை. ரோஸ் புழுக்களுக்கு மட்டும் இவற்றால் கேடில்லை. தின்ற நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. கூட்டுப்புழுப் பருவத்தைத் தாண்டி, சிறகு முளைத்த பிறகும் அது உடலில் தங்குகிறது.

நஞ்சு இருந்தால் மட்டும் பூச்சி பிழைக்காது. கடித்துப் பார்த்த பிறகு பறவை துப்பினால் பூச்சிக்கு என்ன லாபம்? கடிக்கும் முன்பே நினைவுக்கு வரவேண்டும். அதற்காகத்தான் கறுப்புச் சிறகில் செம்புள்ளிகள், சிவந்த தலை, சிவந்த வயிறு, அவசரமில்லாத மிதப்பான பறத்தல். உடலும் தோல்போலக் கடினமானது. ஒருமுறை கொத்துப்பட்டாலும் பல நேரம் உயிரோடு தப்பிவிடும். தின்று குமட்டிய பறவை அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கிறது.

மூன்று பெண்கள்

காமன் மார்மன் ஆண் எங்கும் ஒரே மாதிரிதான். கறுப்புச் சிறகு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்த ஒரு பட்டை. பெண்களில் முதல் வகையான சைரஸ் ஏறத்தாழ ஆணைப் போலவே இருக்கும். இது யாரையும் நகலெடுப்பதில்லை. இரண்டாவது ஸ்டிக்கியஸ்: பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளுமாகக் காமன் ரோஸை ஒத்திருக்கும். மூன்றாவது ரோமுலஸ்: முன்சிறகில் வெண்பட்டைகள், பின்சிறகில் செம்புள்ளிகள் கொண்டு கிரிம்சன் ரோஸை ஒத்திருக்கும். கிரிம்சன் ரோஸ் பெரும்பாலும் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. ரோமுலஸும் அந்த எல்லைக்குள்தான் காணப்படுகிறது. மூல இனம் இல்லாத நாட்டில் அதன் நகலும் இல்லை.

வேறுபாடு அவ்வளவு பெரிது என்பதால் பெயர் சூட்டியவர்களே குழம்பினர். 1758-இல் லின்னேயஸ் போலித்தோற்றப் பெண்ணுக்குப் பாலிட்டெஸ் என்றும், ஆணுக்குப் பம்மோன் என்றும் இரண்டு இனப்பெயர்கள் வைத்தார். ரோமுலஸ் பின்னர் மூன்றாவது இனமாகப் பெயர் பெற்றது. இவை எல்லாம் ஒரே இனத்தின் உறுப்புகள் என்று தெளிவுபடுத்தி, போலித்தோற்றத்துக்கு வலுவான சான்றாக 1865-இல் எடுத்துக்காட்டியவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்.

கண்டுபிடிப்பது எப்படி

மழைக்குப் பின் உண்ணிச்செடியிலோ இட்லிப்பூவிலோ தேன் குடிக்கும் கறுப்புச் சிவப்புப் பூச்சியைக் கண்டால் சிறகைப் பார்க்கக் கூடாது. பலரும் அங்கேதான் தவறுகிறார்கள். பார்க்கவேண்டியது உடலை. தலையும் வயிறும் சிவந்திருந்தால் அது ரோஸ். உடல் முழுதும் கறுப்பாக இருந்தால் மார்மன் பெண். சிறகு எவ்வளவு கச்சிதமாக ஒத்திருந்தாலும் உடல் நிறத்தை இந்த நகல் எடுக்கவில்லை. பறவை தொலைவில் இருந்து, பறக்கும் இரையை நொடிப்பொழுதில் தீர்மானிப்பதால் இவ்வளவு ஒப்புமையே போதுமாக இருக்கிறது.

இரண்டாவது அடையாளம் பறக்கும் விதம். போலிப் பெண்ணும் அமைதியாக இருக்கும்போது ரோஸ் போலவே மெல்ல மிதக்கும். விரட்டினால் வேடம் கலைந்துவிடும்: திடீரென விரைந்து, வளைந்து நெளிந்து ஓடும். ரோஸ் அப்படிப் பதறிப் பறப்பது குறைவு.

முட்டையிடும் இடம் எந்த ஐயத்தையும் தீர்த்துவிடும். கறிவேப்பிலைக் கொழுந்தைச் சுற்றிச் சுற்றி வருவது மார்மன்தான். அதன் இளம்புழு பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்போல இருக்கும். வளர்ந்தபின் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவைக்கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும். கறிவேப்பிலை பறிக்கும் எல்லோருக்கும் இந்தப் புழு தெரியும். ஆனால் அதுவும் அந்தச் செம்புள்ளிப் பூச்சியும் ஒன்றுதான் என்று தெரிந்தவர்கள் குறைவு. ரோஸ் புழு முற்றிலும் வேறு: கருஞ்சிவப்பு உடலில் சதைப்பற்றான முட்கள் நிறைந்திருக்கும். தன் நஞ்சை அந்த வயதிலேயே விளம்பரம் செய்கிறது.

வேடம் பலிக்கும் எல்லை

பறவைக்குப் பிறவியிலேயே எல்லாம் தெரிந்திருப்பதில்லை. பெரும்பாலும் தின்றுதான் கற்கிறது. ஆகவே கற்றுக்கொடுக்க உண்மையான ரோஸ் அப்பகுதியில் போதிய அளவு இருக்கவேண்டும். நகல்கள் மிகுந்து அசல்கள் குறைந்தால் பறவை கொத்தும் செம்புள்ளிப் பூச்சிகளில் பல சுவையாகவே இருக்கும். எச்சரிக்கை நிறம் அப்போது உணவுக்கான அழைப்பாக மாறிவிடும். போலி வடிவத்தின் ஆதாயம் அது அரிதாக இருக்கும்வரைதான். எல்லாப் பெண்களும் ரோஸ் போலாகிவிடாமல் சைரஸ் வடிவமும் தொடர்ந்து நிலைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இதைக் காலப்போக்கில் பார்க்க வாய்ப்புக் கிடைத்த இடம் ஜப்பானின் தெற்கிலுள்ள மியாக்கோ தீவு. அங்கே காமன் மார்மன் முன்பே இருந்தது. காமன் ரோஸ் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரோஸ் வந்து குடியேறியது. அதன்பின் மார்மன் பெண்களில் ரோஸைப் போன்றவற்றின் விகிதம் உயர்ந்தது. அசல் வந்ததும் நகலின் மதிப்பு கூடிவிட்டது.

வடமதுரைப் பகுதிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சிக்கல் புலப்படும். கறிவேப்பிலையை மனிதர்களே நட்டு நீர் ஊற்றுகிறார்கள். ஆடுதின்னாப்பாளையைக் களை என்று பிடுங்குகிறார்கள், களைக்கொல்லி தெளிக்கிறார்கள். போலிக்குத் தீனி பெருகுகிறது, அசலுக்குக் குறைகிறது. ரோஸ் நெடுந்தூரம் பறக்கக்கூடியது என்பதால் அருகிலுள்ள மலையடிவாரங்களிலிருந்தும் தரிசுகளிலிருந்தும் வந்து சேரும். அந்த வரத்து இருக்கும்வரை பறவைகளுக்குப் பாடமும் மறக்காது.

ஏன் பெண் மட்டும்?

ஆணுக்கு இந்த வேடம் இல்லாதது பழைய புதிர். முட்டைச் சுமையோடு, ஏற்ற இலையைத் தேடித் தாழ்வாக மெல்லப் பறப்பதால் பெண்ணே பறவையிடம் அதிகம் சிக்குகிறது. ஆகவே அதற்கே பாதுகாப்பு மிகுதியாக வேண்டும் என்பது வாலஸ் காலத்து விளக்கம். இன்றும் இதுவே வலுவானது. ஆண் தன் பழைய நிறத்தை இழந்தால் இணை தேடுவதிலும் மற்ற ஆண்களோடு போட்டியிடுவதிலும் பின்தங்கும் என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

மரபுவழி

ஆண் வேடம் போடாவிட்டாலும் வேடத்துக்கான மரபணுவைச் சுமக்கிறது. இதைக் காட்டியவர் ஜே. சி. எஃப். ஃப்ரையர். இலங்கையில் காமன் மார்மனைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கலந்து பார்த்த அவரது ஆய்வு 1910-களில் வெளிவந்தது. பின்னர் சிரில் கிளார்க்கும் ஃபிலிப் ஷெப்பர்டும் 1972-இல் இந்த வடிவங்களைத் தீர்மானிப்பது நிறப்புரியின் ஒரே இடம்தான், போலி வடிவமே ஓங்கியது என்று நிறுவினர்.

ஒரு கறிவேப்பிலை மரத்தில் இது எப்படி வெளிப்படும் என்று பார்க்கலாம். சைரஸ் பெண் ஒன்று, ஸ்டிக்கியஸ் காரணியை ஒற்றைப் படியாக மட்டும் சுமக்கும் ஆணோடு சேர்ந்து முட்டையிடுகிறது. 40 புழுக்கள் பிழைத்துப் பூச்சியானால் ஏறத்தாழ 20 ஆண்கள், 20 பெண்கள். ஆண்களில் பாதிக்கு அந்தக் காரணி இருக்கும், ஆனால் வெளியே ஒரு வேறுபாடும் தெரியாது. பெண்களில் ஏறத்தாழ 10 ஸ்டிக்கியஸ், 10 சைரஸ். ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரிகள் இரண்டு இனங்கள் போலப் பறந்துபோகும். இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்புத் தோற்றம் வருவதில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. சிறகு நிறத்தில் அரைகுறையான வேடம் பறவைகளை எளிதில் ஏமாற்றாது.

இவ்வளவு மாற்றங்களை ஒரே இடம் எப்படி ஆள முடியும் என்ற கேள்வி நெடுங்காலம் நின்றது. தனித்தனி மரபணுக்கள் பல நெருங்கி அமைந்து, ஒன்றாகவே கடத்தப்படுகின்றன என்று பலர் நினைத்தனர். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மார்கஸ் குரோன்ஃபோர்ஸ்டும் சக ஆய்வாளர்களும் 2014-இல் வேறொரு விடை தந்தனர். அந்த இடத்தில் இருப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு. பூச்சிகளில் ஆண் உடல், பெண் உடல் என்ற பிரிவை வடிவமைப்பதே அதன் வழக்கமான வேலை. போலி வடிவப் பெண்களில் அந்தப் பகுதி தலைகீழாகத் திரும்பி அமைந்திருக்கிறது. அதனால் பழைய வடிவத்தின் பகுதியோடு அது இடம் மாற்றிக் கலப்பதில்லை. உள்ளே சேர்ந்த மாற்றங்கள் சிதறாமல் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. பாலைத் தீர்மானிக்கும் மரபணுவே சிறகின் நிறத்தையும் எடுத்துக்கொண்டதால், வேடம் பெண்ணோடு நிற்பதும் ஓரளவு புரிகிறது.

எருக்கங்காட்டு இணை

இதே சமவெளியில் இன்னொரு போலித்தோற்ற இணையும் உண்டு. எருக்கில் வளரும் வெந்தய வரியன் செம்பழுப்புச் சிறகும் கறுப்பு நுனியும் உடையது. டனாய்டு எக்ஃப்ளை என்ற இனத்தின் பெண் அதை அச்சாக ஒத்திருக்கும். அதன் ஆணோ கருஞ்சிறகில் வெள்ளை வட்டங்களோடு முற்றிலும் வேறாக இருக்கும். பின்சிறகின் நடுவில் கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன், அவை இல்லாவிட்டால் எக்ஃப்ளை பெண் என்று பிரிக்கலாம்.

இந்த இணையில் அசலே முழு அசல் இல்லை. எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருந்தாலும், ஆராயப்பட்ட வெந்தய வரியன்கள் பலவற்றில் அது மிகக் குறைவாகவே சேர்ந்திருந்தது. நஞ்சில்லாத வெந்தய வரியன்கள் தம் இனத்திலேயே நஞ்சுள்ளவற்றின் நிழலில் பிழைக்கின்றன. எக்ஃப்ளை பெண் அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்கிறது.